அடுத்த முறை நினைவில் இருக்குமா?

உரையாடல் செயலிகளின் உதவியோடு வினாத்தாள், செயல்தாள் தயாரிக்கும் ஆசிரியர்கள் ஒரு பதிலை அடிக்கடி பார்த்திருப்பார்கள். நாம் ஒரு பிழையைச் சுட்டிக்காட்டினால் செயலி உடனே திருத்தித் தருகிறது. கூடவே, இனிமேல் இதை நினைவில் வைத்துக்கொள்வதாகவும் எழுதுகிறது. அடுத்த வாரம் புதிய உரையாடலைத் தொடங்கும்போது அதே பிழை மீண்டும் வந்து நிற்கிறது. இது செயலியின் அலட்சியமா, நம் கைப்பேசியின் கோளாறா என்று ஆசிரியர்கள் என்னிடம் கேட்பதுண்டு. இரண்டும் இல்லை. அந்த வாக்குறுதியைக் காப்பாற்றும் வழி அந்த மொழி மாதிரிக்குள் இல்லை. ஏன் இல்லை என்பதை ஏழாம் வகுப்பு அறிவியலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு பார்ப்போம்.

ஒரு சொல், இரண்டு விடைகள்

ஏழாம் வகுப்பு ‘விசையும் இயக்கமும்’ பாடத்திற்கு வளரறி மதிப்பீட்டு வினாக்கள் கேட்டு ஒரு செயலியில் தட்டச்சு செய்தேன். வந்த வினாக்களில் ஒன்றில் ‘ஆர்முடுகல்’ என்ற சொல் இருந்தது. நம் பாடநூலில் அது ‘முடுக்கம்’. ஆர்முடுகல் தவறான சொல் அன்று. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் வழங்கும் கலைச்சொல் அது. மொழி மாதிரி இரு நாட்டுத் தமிழ் எழுத்துகளையும் படித்துப் பயிற்சி பெற்றிருப்பதால் இரண்டும் அதற்குள் கலந்து கிடக்கின்றன.

ஆர்முடுகல் என்று வந்தால் மாணவர் புரியாமல் கையைத் தூக்குவார், நமக்கும் தெரிந்துவிடும். ‘வேகம்’ என்ற சொல்லில்தான் உண்மையான சிக்கல். நம் பாடநூலில் ஓரலகு நேரத்தில் கடந்த தொலைவு வேகம். ஓரலகு நேரத்தில் ஏற்பட்ட இடப்பெயர்ச்சி திசைவேகம். இலங்கைப் பாடநூலில் முதலாவதற்குக் ‘கதி’ என்று பெயர். இரண்டாவதற்குத்தான் ‘வேகம்’ என்று பெயர்.

இந்த வினாவைப் பாருங்கள். ஒரு மாணவி சைக்கிளில் கிழக்கே 40 மீட்டரும், பிறகு வடக்கே 30 மீட்டரும் செல்கிறாள். மொத்தம் 10 விநாடிகள் ஆகின்றன. அவளுடைய சராசரி வேகம் என்ன? நம் மாணவர்கள் கடந்த தொலைவு 70 மீட்டர் எனக் கணக்கிட்டு, 7 மீ/வி என்று சரியாக எழுதுவார்கள். இலங்கைக் கலைச்சொல்படி விடைக்குறிப்பு அமைந்துவிட்டால், இடப்பெயர்ச்சி 50 மீட்டர் என்று கொண்டு 5 மீ/வி என்றிருக்கும். விடைக்குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு திருத்தினால், சரியாக எழுதிய பிள்ளைகளுக்கு மதிப்பெண் கிடைக்காது.

எனவே வேகம், திசைவேகம், முடுக்கம் என்ற மூன்று சொற்களையும் நம் பாடநூல் எப்படி வரையறுக்கிறது என்று செயலிக்கு எழுதினேன். வினாக்கள் முழுவதும் சரியாகத் திருத்தப்பட்டு வந்தன. தமிழ்நாட்டுப் பாடநூல் சொற்களையே இனிப் பயன்படுத்துவதாக ஒரு வரியும் உடன் வந்தது. அந்த வரியைச் சோதித்துப் பார்க்க, அதே உரையாடலில் மேலும் ஐந்து வினாக்கள் கேட்டேன். எல்லாம் சரியாக இருந்தன. பிறகு புதிய உரையாடலைத் திறந்து அதே கோரிக்கையை எழுதினேன். ஆர்முடுகல் திரும்ப வந்தது.

ஒரே உரையாடலுக்குள் நினைவிருக்கிறது. வெளியே வந்தால் இல்லை. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து படிக்கிறது

மொழி மாதிரி என்பது அடிப்படையில் மிகப் பெரிய எண்களின் தொகுப்பு. 2020-இல் வெளியான ஜிபிடி-3 மாதிரியில் 17,500 கோடி எண்கள் இருந்தன. ஏராளமான எழுத்துகளைப் படிக்கவைத்து, அடுத்து எந்தச் சொல் வரும் என்பதை ஓரளவு சரியாகக் கணிக்கும் வரை இந்த எண்களைச் சிறிது சிறிதாக மாற்றுகிறார்கள். இதுவே பயிற்சி. பயிற்சி முடிந்ததும் எண்கள் உறைந்துவிடுகின்றன. நாம் பயன்படுத்துவது அப்படி உறைந்த நிலையில் உள்ள மாதிரியை. நாம் பேசும்போது அந்த எண்கள் பயன்படுகின்றன. ஆனால் அவற்றில் ஒன்றுகூட மாறுவதில்லை.

அப்படியானால் அதே உரையாடலில் என் திருத்தம் எப்படி நினைவில் இருந்தது? செயலி ஒவ்வொரு முறையும் அதுவரை நடந்த உரையாடல் முழுவதையும் மாதிரிக்கு மீண்டும் அனுப்புகிறது. ஒரு கணக்காகவே பார்ப்போம். என் முதல் கோரிக்கை 40 சொற்கள். அது மட்டும் மாதிரிக்குப் போகிறது. 160 சொற்களில் பதில் வருகிறது. என் திருத்தம் 30 சொற்கள். இப்போது மாதிரிக்குப் போவது 30 சொற்கள் மட்டும் அன்று. 40, 160, 30 ஆகிய மூன்றும் சேர்ந்து 230 சொற்கள். திருத்திய பதில் 170 சொற்களில் வருகிறது. அடுத்து 20 சொற்களில் இன்னொரு கோரிக்கை எழுதினால், மாதிரிக்குப் போவது 420 சொற்கள். நம் திரையில் நாம் எழுதிய புதிய வரி மட்டுமே தெரிவதால், மாதிரி முந்தையதை நினைவில் வைத்துத் தொடர்கிறது என்று தோன்றுகிறது. உண்மையில் அது ஒவ்வொரு முறையும் முதல் வரியிலிருந்து புதிதாகப் படிக்கிறது.

புதிய உரையாடலைத் திறந்தால் மாதிரிக்குப் போவது மீண்டும் அந்த 40 சொற்கள் மட்டுமே. என் திருத்தமும் அதன் வாக்குறுதியும் பழைய உரையாடலின் எழுத்தில் இருக்கின்றன. அந்த எழுத்து இப்போது அதன் முன் வைக்கப்படவில்லை.

நம் பள்ளிச் சூழலில் சொல்வதென்றால், ஒவ்வொரு பாடவேளைக்கும் ஒரு புதிய மாற்று ஆசிரியர் வருவதாக வைத்துக்கொள்ளலாம். அவருக்குப் பாட அறிவு நிறைய உண்டு. இந்த வகுப்பைப் பற்றி எதுவும் தெரியாது. மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. முந்தைய பாடவேளையில் நடந்தது அதில் எழுதப்பட்டிருந்தால், படித்துவிட்டு அழகாகத் தொடர்வார். நோட்டை எடுத்துவிட்டு வெற்று நோட்டை வைத்தால் முதலிலிருந்து தொடங்குவார். நேற்று வந்தவர் இன்று வருபவருக்காக எவ்வளவு உறுதியாக வாக்களித்திருந்தாலும், நோட்டில் இல்லாதது இவருக்குத் தெரியாது.

ஒரே உரையாடலுக்குள்ளும் இதற்கு ஓர் எல்லை உண்டு. மாதிரி ஒரே நேரத்தில் படிக்கக்கூடிய எழுத்துக்கு அளவு இருக்கிறது. சொற்களையும் சொல்துண்டுகளையும் ‘டோக்கன்’ என்ற அலகால் எண்ணுகிறார்கள். ஜிபிடி-3-க்கு அந்த எல்லை 2048 டோக்கன்கள். பின்னர் வந்த மாதிரிகளில் எல்லை பல மடங்கு பெரிதாகியிருக்கிறது. ஆனால், எல்லை இல்லாமல் போகவில்லை. உரையாடல் மிக நீளும்போது சில செயலிகள் பழைய பகுதியை விட்டுவிடும் அல்லது சுருக்கி அனுப்பும். தொடக்கத்தில் நாம் சொன்ன திருத்தம் அப்போது உதிர்ந்துபோகலாம். ஒரு பருவம் முழுவதற்கும் ஒரே உரையாடலை நீட்டிக்கொண்டே போனால், சரியாக வந்துகொண்டிருந்த சொல் திடீரென மாறுவதற்கு இது ஒரு காரணம்.

பிறகு ஏன் வாக்களிக்கிறது?

மாதிரி படித்த எழுத்துகளில், ஒருவர் பிழையைச் சுட்டிக்காட்டினால் மற்றவர் என்ன எழுதுகிறார்? நன்றி சொல்கிறார், திருத்துகிறார், இனிக் கவனமாக இருப்பதாகச் சொல்கிறார். மனிதர்களின் உரையாடலில் திருத்தத்தை அடுத்து வாக்குறுதி வருவது வழக்கம். அடுத்த சொல்லைக் கணிக்கும் மாதிரி அந்த வழக்கத்தைத் தொடர்கிறது. தவிரவும், பயிற்சியின் பிற்பகுதியில் எந்தப் பதில் நன்றாக இருக்கிறது என்று மனிதர்கள் தெரிவு செய்து காட்டுகிறார்கள். பணிவாகவும் உதவும் விதத்திலும் உள்ள பதில்களே அதிகம் விரும்பப்படும் என்பதால் அந்தப் பழக்கம் மேலும் வலுப்படுகிறது.

மாணவர் ‘இனி முடுக்கம் என்றே எழுதுவேன்’ என்று சொல்லும்போது, சொல்லும் செயலே அவர் மனத்தில் ஒரு தடத்தைப் பதிக்கிறது. அதைப் பத்து முறை இம்போசிஷன் எழுதினால் தடம் இன்னும் கொஞ்சம் ஆழமாகும். மறந்தாலும், நினைவூட்டினால் திரும்ப வரும். மாதிரி அதே வரியை நூறு முறை எழுதினாலும் அதன் எண்களில் மாற்றம் ஏற்படுவதில்லை. எழுதும் செயலும் பதியும் செயலும் அங்கே ஒன்றோடொன்று இணைக்கப்படவில்லை. சேமிக்க இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகு அந்த வரியை அது எழுதுவதும் இல்லை. அதனால் அதைப் பொய் என்று சொல்வதும் பொருந்தாது. பொய் சொல்பவருக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும்.

திருத்தங்களை ஏன் உடனே கற்றுக்கொள்ளச் செய்வதில்லை?

ஆசிரியர்களுக்கு இயல்பாக எழும் கேள்வி இது. பயனர்கள் சொல்லும் திருத்தங்களைக் கொண்டு எண்களை அவ்வப்போதே மாற்றினால் என்ன?

நம் எடுத்துக்காட்டே இதற்கு விடை தருகிறது. ஒரே மாதிரியைப் பல லட்சம் பேர் பயன்படுத்துகிறார்கள். நான் ஆர்முடுகலை முடுக்கம் என்று திருத்துகிறேன். அதே நாளில் யாழ்ப்பாணத்தில் ஓர் ஆசிரியர் முடுக்கத்தை ஆர்முடுகல் என்று திருத்தலாம். இருவரும் சரியாகவே சொல்கிறோம். மாதிரி என் பேச்சை நிரந்தரமாகக் கேட்டால் அவருடைய மாணவர்களுக்குத் தவறாகும்; அவர் பேச்சைக் கேட்டால் என் மாணவர்களுக்குத் தவறாகும். என் வகுப்புக்கான குறிப்பு என் வகுப்புக்கு மட்டுமே இருக்க வேண்டியது.

தவறாகக் கற்றுக்கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். 2016 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ‘டே’ என்ற உரையாடல் நிரலை ட்விட்டரில் வெளியிட்டது. தன்னோடு பேசுபவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளும் வகையில் அது அமைக்கப்பட்டிருந்தது. சிலர் திட்டமிட்டு இழிவான பேச்சுகளை அதற்குப் பழக்கினார்கள். ஒரு நாளுக்குள் அதை நிறுத்த வேண்டியதாயிற்று. இன்றைய உரையாடல்களைச் சில நிறுவனங்கள் பின்னாளில் புதிய மாதிரிகளின் பயிற்சிக்குப் பயன்படுத்துவது உண்டு. ஆனால் அது வடிகட்டப்பட்டு, பல கோடி வரிகளோடு கலந்து நடப்பது. என் வகுப்பு பற்றிய ஒரு குறிப்பு அதன் வழியாக என்னிடம் திரும்பி வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

நினைவு வசதி உள்ள செயலிகள்

‘எனக்கு அது நினைவில் வைத்திருக்கிறதே’ என்று சிலர் சொல்வார்கள். அதுவும் உண்மையாக இருக்கலாம். சாட்ஜிபிடி 2024-இல் நினைவு வசதியை அறிமுகப்படுத்தியது. வேறு சில செயலிகளிலும் இவ்வசதி உண்டு. இங்கே நினைவில் வைப்பது மாதிரி அன்று. மாதிரிக்கு வெளியே நம் கணக்கோடு சேர்த்து ஒரு குறிப்பேடு வைக்கப்படுகிறது. ‘இவர் தமிழ்நாட்டில் அறிவியல் ஆசிரியர்’ என்பது போன்ற வரிகள் அதில் சேமிக்கப்படுகின்றன. சில செயலிகள் பழைய உரையாடல்களிலிருந்து பொருத்தமான பகுதிகளைத் தேடியும் எடுக்கின்றன. எந்த முறையானாலும், அந்த எழுத்து நம் புதிய கோரிக்கையோடு சேர்த்து மாதிரிக்கு அனுப்பப்படுகிறது. மாற்று ஆசிரியரின் மேசையில் யாரோ முன்கூட்டியே நோட்டை வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இதனால் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, நினைவில் வைப்பதாகப் பதிலில் எழுதுவதும் குறிப்பேட்டில் எழுதுவதும் வெவ்வேறு செயல்கள். வசதி அணைத்து வைக்கப்பட்டிருந்தாலோ, வேறு கணக்கில் நுழைந்திருந்தாலோ, கணக்கே இல்லாமல் பயன்படுத்தினாலோ, வாக்குறுதி மட்டும் வரும், பதிவு இருக்காது. இரண்டாவது, குறிப்பேட்டில் சுருக்கமே பதிவாகலாம். மூன்று கலைச்சொற்களின் வரையறையை நாம் விரிவாகச் சொல்லியிருந்தாலும் ‘தமிழ்நாட்டுப் பாடநூலை விரும்புகிறார்’ என்று ஒரு வரி மட்டும் மிஞ்சலாம். செயலியின் அமைப்புகள் பகுதியில் நினைவுப் பட்டியல் இருந்தால், அதைத் திறந்து பார்ப்பதே நேரடியான வழி.

பட்டியல் கண்ணில் படவில்லை என்றால் ஒரு சிறு சோதனை செய்யலாம். புதிய உரையாடலில் சரியான சொல் வந்தது என்பதை மட்டும் வைத்து நினைவிருக்கிறது என முடிவு செய்யக் கூடாது. முடுக்கம் என்ற சொல்லும் மாதிரிக்குத் தெரிந்ததுதான், தற்செயலாகவும் வரும். தற்செயலாக வரவே முடியாத ஒன்றைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். இனிமேல் வினா எண்களை ‘மாங்காய் 1, மாங்காய் 2’ என்று இடும்படி எழுதுங்கள். புதிய உரையாடலில் அதைக் குறிப்பிடாமல் மூன்று வினாக்கள் கேளுங்கள். மாங்காய் வந்தால் எங்கோ ஒரு குறிப்பேடு இருக்கிறது. சாதாரண எண்கள் வந்தால் உங்கள் குறிப்பு மாதிரியின் முன் வைக்கப்படவில்லை.

நோட்டை நாமே வைத்துக்கொள்வோம்

வாக்குறுதியை நம்புவதைவிட எளிய வழி, குறிப்பை நாமே எழுதி வைத்து ஒவ்வொரு புதிய உரையாடலின் தொடக்கத்திலும் ஒட்டுவது. கைப்பேசியின் குறிப்புச் செயலியில் நான் வைத்திருப்பது இது:

- வகுப்பு 7, அறிவியல், தமிழ்நாட்டுப் பாடநூல், தமிழ் வழி.
- ஓரலகு நேரத்தில் கடந்த தொலைவு: வேகம்.
- ஓரலகு நேரத்தில் ஏற்பட்ட இடப்பெயர்ச்சி: திசைவேகம்.
- ஓரலகு நேரத்தில் ஏற்பட்ட திசைவேக மாற்றம்: முடுக்கம்.
- கதி, ஆர்முடுகல் ஆகிய சொற்கள் வேண்டாம்.
- கணக்கு வினாக்களுக்கு விடையோடு வழிமுறையையும் தருக.

பொதுவாக ‘பாடநூல் சொற்களைப் பயன்படுத்து’ என்று எழுதுவதைவிட, வரையறையோடு சொல்லைத் தருவது நல்ல பயன் தருகிறது. கடைசி வரிக்கும் காரணம் உண்டு. வழிமுறை இருந்தால், வகுக்கப்பட்டது 70-ஆ 50-ஆ என்று பார்த்தவுடன், எந்தப் பொருளில் வேகம் என்ற சொல் கையாளப்பட்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும். புதிய திருத்தம் ஒன்று தேவைப்பட்டால் அதை உரையாடலில் சொல்வதோடு நிறுத்தாமல் இந்தக் குறிப்பிலும் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். குறிப்பு இருந்தும் சொல் மாறி வரக்கூடும் என்பதால் விடைக்குறிப்பை நாம் ஒருமுறை போட்டுப் பார்ப்பது எப்போதும் தேவை.

இந்தக் குறிப்பில் மாணவர் பெயர், எமிஸ் எண், உடல்நலம், குடும்ப நிலை எதுவும் இடம்பெறக் கூடாது. மாதிரிக்கு நினைவில்லை என்பதால் எதை எழுதினாலும் மறைந்துவிடும் என்று பொருளில்லை. உரையாடலின் எழுத்து நிறுவனத்தின் கணினிகளில் சேமிக்கப்பட்டிருக்கலாம். அடுத்த உரையாடலில் மாதிரிக்குத் தெரியாத செய்தி, அங்கே பத்திரமாக இருக்கும்.

வகுப்பறையில் செய்து காட்ட

எட்டு அல்லது ஒன்பதாம் வகுப்பில் ஒரே பாடவேளையில் இதைச் செய்து காட்டலாம். வெள்ளைத்தாளும் பேனாவும் போதும். நான்கு மாணவர்களை ‘விடையளிப்போர்’ எனத் தெரிந்தெடுத்து வெளியே நிறுத்துங்கள். வகுப்பு ஒரு கேள்வியைத் தாளில் எழுதட்டும். எடுத்துக்காட்டாக, ‘எங்கள் வகுப்புக்கு ஒரு பெயர் வையுங்கள்.’ முதலாமவர் உள்ளே வந்து, தாளைப் படித்து, விடையைத் தாளிலேயே எழுதிவிட்டு அமர்ந்துவிடட்டும். வகுப்பு அதன் கீழே ஒரு திருத்தம் எழுதட்டும்: ‘பூக்களின் பெயர் மட்டுமே வைக்க வேண்டும், இனியும் அப்படியே.’ இரண்டாமவர் அதே தாளைப் படித்து, பூவின் பெயரை எழுதி, இனியும் அப்படியே செய்வதாக உறுதிமொழியும் எழுதட்டும். மூன்றாமவரும் அதே தாளைப் படித்து இன்னொரு பெயரைத் தரட்டும். அதுவும் பூவின் பெயராகவே இருக்கும்.

இப்போது தாளை எடுத்து மேசை அறைக்குள் வைத்துவிட்டு, புதிய தாளில் முதல் கேள்வியை மட்டும் எழுதுங்கள். நான்காமவர் வந்து புலி, சிங்கம் என்று எதையாவது எழுதுவார். உறுதிமொழி எங்கே போனது என்று வகுப்பிடம் கேளுங்கள். ‘அந்தத் தாள்ல இருக்கு சார், இவன் அதைப் பார்க்கலையே’ என்ற விடையை மாணவர்களே சொல்வார்கள். பிறகு புதிய தாளின் மேலே ‘பூக்களின் பெயர் மட்டும்’ என்று எழுதி மீண்டும் கேட்டால், நினைவு வசதி என்பது என்ன என்றும் விளங்கிவிடும்.

செயல்பாட்டின் இறுதியில் ஒரு செய்தியைப் பிள்ளைகளிடம் பேசுவது நல்லது. பதின்பருவ மாணவர்களில் சிலர் தம் மனக்கவலைகளை இத்தகைய செயலிகளிடம் எழுதுகிறார்கள். நாளை எப்படி இருக்கிறாய் என்று கேட்பதாக வரும் ஒரு வரியை நம்பி ஒரு பிள்ளை காத்திருக்கக்கூடும். பிள்ளை செயலியைத் திறக்காத நேரத்தில் அங்கே அவனை நினைத்துக்கொண்டிருப்பவர் யாரும் இல்லை. பெரும்பாலும் அவனாகத் திறந்து எழுதினால்தான் அடுத்த பதில். புதிய உரையாடல் என்றால், குறிப்பேடு எதுவும் இல்லாத நிலையில், நேற்றைய கவலை அங்கே தெரியாது. சைக்கிள் கணக்கில் வேகம் மாறிப்போனால் விடைத்தாளைத் திரும்பத் திருத்திவிடலாம். காத்திருந்து ஏமாந்த பிள்ளைக்கு அப்படித் திருத்தித் தர முடியாது. அவன் சொன்னதை மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் நினைவு வைத்துக் கேட்கக்கூடியவர் அவனுடைய வகுப்பாசிரியர்தான் என்பதை அவனுக்குத் தெரியச் செய்வோம்.